நெட் இல்லாத நாளில் கேம் திறக்கவில்லை என்றால், எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்

நம்ம குமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. இரண்டிலும் முதலில் போவது கரண்ட், கரண்ட் வந்த பிறகும் வராமல் கிடப்பது நெட். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ஒரு ரப்பர் மரக்கிளை ஒடிந்து ஃபைபர் கேபிள் மேல் விழுந்தால் போதும், ஆள் வந்து ஒட்டிவிட்டுப் போக இரண்டு நாள் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்ததை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட நாளில், காசு கொடுத்து வாங்கி, முழுவதும் இறக்கி வைத்திருக்கிற, தனியாக ஆடுகிற ஒரு கேம், நெட் இருந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கோபத்தில் அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். திரும்ப இறக்க ஐம்பது அறுபது ஜிபி வேண்டும், அதற்கு நெட் வேண்டும்.

இங்கே நான் எழுதுவது ஸ்டீம் லாஞ்சரை வைத்து, விண்டோஸ் கணினியில். மற்ற லாஞ்சர்களில் மெனு வேறாக இருக்கும், பின்னால் நடப்பது ஏறத்தாழ இதே கதைதான்.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் அதிலிருந்து வரும். ஒரு கேம் திறக்க இரண்டு பூட்டு இருக்கலாம். வெளிவாசல் பூட்டு லாஞ்சருடையது: இந்தக் கணக்கு யாருடையது, இந்தக் கேம் இந்தக் கணக்கில் இருக்கிறதா என்று அது பார்க்கும். உள்ளறைப் பூட்டு கேமுக்குள்ளேயே இருக்கிறது, கேம் வெளியிட்ட நிறுவனம் போட்டது. ஆஃப்லைன் மோட் என்பது வெளிவாசல் பூட்டுக்கு மட்டுமான ஏற்பாடு. உள்ளறைப் பூட்டு அதைக் கண்டுகொள்வதில்லை. "ஆஃப்லைன் மோடுதான் போட்டேனே, ஏன் திறக்கவில்லை" என்று கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் வெளிவாசல் சாவியை வைத்துக்கொண்டு உள்ளறைக் கதவில் நிற்கிறார்கள்.

எந்தப் பூட்டு என்று அறிய, திரையில் வந்திருக்கிற பெட்டியைப் பாருங்கள். ஸ்டீம் ஜன்னலே வராமல், அல்லது கடவுச்சொல் கேட்டு நின்றால் வெளிவாசல். ஸ்டீம் திறந்து, லைப்ரரி தெரிந்து, Play அழுத்திய பிறகு வேறு தோற்றத்தில் ஒரு பெட்டி வந்தால் உள்ளறை. ஸ்டீம் ஆஃப்லைனில் இருக்கும்போதே வேறு ஒரு பழைய கேமைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் வெளிவாசலில் ஒரு கோளாறும் இல்லை என்று உறுதியாகிவிடும். இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும், பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஸ்டீம் கடவுச்சொல் கேட்டு நிற்கிறது

நெட் இருந்தபோது கடைசியாக உள்ளே போனீர்களே, அப்போது Remember me பெட்டியில் டிக் இல்லை, அல்லது யாரோ கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். வீட்டில் ஒரே கணினியை அண்ணன் தம்பி இரண்டு பேர் இரண்டு கணக்கில் பயன்படுத்துகிற இடங்களில் இது சாதாரணம். கடவுச்சொல் சரியா என்று பார்ப்பது ஸ்டீமின் சர்வர்தான், உங்கள் கணினி அல்ல. அதனால் நெட் இல்லாமல் எத்தனை முறை சரியாக அடித்தாலும் பயனில்லை. ஒரே ஒரு முறை போன் ஹாட்ஸ்பாட் போட்டு உள்ளே போக வேண்டும், அதற்கு டேட்டா கொஞ்சம்தான் ஆகும்.

உங்கள் கணினி உங்களை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்க்கலாம். ஸ்டீம் இருக்கிற ஃபோல்டருக்குள் config என்று ஒன்று இருக்கும், அதில் loginusers.vdf என்ற கோப்பை நோட்பேடில் திறங்கள். உங்கள் கணக்கின் பெயருக்குக் கீழே இப்படி இருக்க வேண்டும்:

```
"RememberPassword"    "1"
```

அதே இடத்தில் WantsOfflineMode என்ற வரியும் இருக்கும். நீங்கள் ஸ்டீம் மெனுவில் Go Offline கொடுத்தால் அது 1 ஆக மாறும். 0 ஆக இருந்தால் ஸ்டீம் ஒவ்வொரு முறையும் முதலில் நெட்டைத் தேடும், கிடைக்காவிட்டால்தான் ஆஃப்லைனில் தொடங்கவா என்று கேட்கும். இந்தக் கேள்வியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நம்ம ஊரில் நெட் முழுதாகச் சாவதில்லை, வைஃபை பட்டை நிறைய இருக்கும், ரௌட்டர் வரைக்கும் இணைப்பு இருக்கும், அதற்கு அப்புறம் ஒன்றும் இருக்காது. அந்த அரைகுறை நிலையில் ஸ்டீம் "இதோ வருகிறது" என்று நெடுநேரம் சுற்றிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் வைஃபையை முழுதாக அணைத்துவிட்டு ஸ்டீமை மறுபடி திறங்கள், நெட் இல்லை என்று உடனே புரிந்துகொள்ளும்.

Play இருக்க வேண்டிய இடத்தில் Update இருக்கிறது

நெட் போவதற்கு சற்று முன்பு, இந்தக் கேமுக்குப் புதுத் திருத்தம் வந்திருக்கிறது என்று ஸ்டீமுக்குச் செய்தி வந்துவிட்டது, இறக்கி முடிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. செய்தி தெரிந்த பிறகு ஸ்டீம் பழைய பதிப்பைத் திறக்க விடாது. நெட் வந்துதான் தீர வேண்டும்.

சந்தேகம் இருந்தால் steamapps ஃபோல்டரில் appmanifest என்று தொடங்கி .acf என்று முடிகிற கோப்புகளில் அந்தக் கேமுக்கு உரியதைத் திறந்து பாருங்கள். உள்ளே கேம் பெயரும் எழுதியிருக்கும், கண்டுபிடிப்பது எளிது.

```
"StateFlags"    "4"
```

4 என்றால் எல்லாம் இறங்கி முடிந்தது என்று பொருள். 6 போன்ற வேறு எண் இருந்தால் பாக்கி இருக்கிறது. பாருங்கள், மாற்றாதீர்கள். எண்ணை மாற்றித் திறந்து பார்க்கிற ஆட்கள் உண்டு, திருத்தம் பாதி இறங்கிய நிலையில் அப்படிச் செய்தால் கோப்புகள் கலந்துபோய்க் கேமே கெட்டுவிடலாம்.

ஸ்டீம் நன்றாகத் திறக்கிறது, மற்ற கேம் ஓடுகிறது, இந்த ஒன்று மட்டும் நெட் கேட்கிறது

இதுதான் உள்ளறைப் பூட்டு. இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

இப்போது பெரிய கேம்களில் அதிகம் காணப்படுவது டெனுவோ. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்கில் உள்ள ஒரு நிறுவனம் உருவாக்கியது, முதலில் வந்தது 2014-இல் ஃபிஃபா 15 கேமில். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் எப்போது தொல்லை தரும் என்றும் புரிந்துவிடும். முதல்முறை கேமைத் திறக்கும்போது, அது உங்கள் கணினியின் அடையாளங்களைச் சேர்க்கிறது: என்ன பிராசசர், விண்டோஸ் எந்தப் பதிப்பு, இப்படிச் சில. அதோடு, இந்தக் கணக்கு இந்தக் கேமை வாங்கியிருக்கிறது என்று ஸ்டீம் தருகிற சான்றையும் சேர்த்து சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் ஒரு அனுமதிச் சீட்டைத் திருப்பி அனுப்பும். அந்தச் சீட்டு அந்தக் கணினியில் மட்டும்தான் செல்லுபடியாகும். கணினியில் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை முதல் கேம் அந்தச் சீட்டைத்தான் பார்க்கும், நெட் தேவையில்லை.

சீட்டு எப்போது செல்லாமல் போகும் என்பதுதான் கேள்வி. கணினியின் அடையாளம் மாறினால். மதர்போர்டோ பிராசசரோ மாற்றினால் சந்தேகமே இல்லை. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று ஏறினாலும் மாறலாம். கேமுக்கே புதுத் திருத்தம் வந்து அதன் முக்கியக் கோப்பு மாறினாலும் புதுச் சீட்டு கேட்கலாம். இவற்றோடு, சில நிறுவனங்கள் சீட்டுக்கு நாள் கணக்கும் வைக்கின்றன, அத்தனை நாளுக்குள் ஒருமுறை ஆன்லைனில் திறந்து புதுப்பிக்க வேண்டும். இந்த நாள் கணக்குப் பழக்கம் டெனுவோவுக்கும் முந்தியது. 2008-இல் மாஸ் எஃபெக்ட் கேமின் கணினிப் பதிப்பு வருவதற்கு முன், பத்து நாளுக்கு ஒருமுறை நெட்டில் சரிபார்க்கும் என்று அறிவித்தார்கள். வாங்கக் காத்திருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு வெளியீட்டுக்கு முன்பே அதைக் கைவிட்டார்கள். பத்து நாளோ முப்பது நாளோ, நாகர்கோவிலில் நெட் ஓடுகிற வீட்டில் இருப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. மலையடிவாரத்தில் இருப்பவருக்குத்தான் படும்.

என் சித்தி மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், வரிசை புரியும். ஓணத்துக்கு நம்ம மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டே, அதோடு சனி ஞாயிறும் சேர்த்து அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குலசேகரத்துக்கு மேலே உள்ள மாமா வீட்டுக்குப் போனான். மழை, கேபிள் போச்சு. மாலையில் மொட்டைமாடியில் நின்று எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, ஆஃப்லைன் மோட் போட்டுத்தான் கொண்டுவந்தேன். நேற்று வீட்டில் ஓடிச்சு. இங்க நெட் கேக்குது."

"மக்கா, பெட்டியில என்ன போட்டிருக்கு, வாசி."

"ஒரு நம்பர் இருக்கு. 88500-ன்னு தொடங்குது. ஒரு லிங்க்கும் இருக்கு."

"வேற கேம் எதாவது தொறக்குதா?"

"பழைய ரேஸ் கேம் ஓடுது."

இங்கேயே விஷயம் பாதி முடிந்தது. ஸ்டீமில் கோளாறு இல்லை, 88500 என்று தொடங்குகிற எண் டெனுவோ பெட்டிகளில் வருவது. இனி கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியாக அந்தக் கேம் ஓடியதற்கும் இப்போதைக்கும் நடுவில் கணினியில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றான். கிளம்பும்போது எப்படி அணைத்தாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அணைக்கப் போனபோது Update and shut down என்று இருந்தது, அதைத்தான் அழுத்தினேன், மாமா வீட்டில் திறந்தபோது நீல வட்டம் சுற்றி ஏதோ சதவீதம் ஓடியது என்றான். அதுதான். பல வாரமாகத் தள்ளிப்போட்டு வைத்திருந்த பெரிய அப்டேட் அன்று ஏறியிருக்கிறது. அவன் நேற்று வாங்கிய சீட்டு நேற்றைய கணினிக்கு உரியது.

தீர்வு எளிது, ஆனால் வரிசை முக்கியம். போனில் அவனுக்கு அன்றைக்கு மீதி ஒரு ஜிபி சொச்சம்தான் இருந்தது. ஹாட்ஸ்பாட் போட்டதுமே ஸ்டீம் மற்ற கேம்களின் அப்டேட்டை இழுக்கத் தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அது காலி. அதனால் ஆஃப்லைனில் இருக்கும்போதே Settings, Downloads போய், தானாக அப்டேட் செய்யும் நேரத்தை இரவு இரண்டு முதல் நான்கு மணி வரை என்று கட்டச் சொன்னேன், Schedule auto-updates என்று அங்கே இருக்கும். அதற்குக் கீழே வேகத்தைக் குறைத்து வைக்கிற வசதியும் உண்டு, அதையும் போடச் சொன்னேன். அப்புறம் ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும் விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் Metered connection போடச் சொன்னேன், விண்டோஸ் தன் பங்குக்கு எதையும் இழுக்காமல் இருக்க.

அடுத்து ஸ்டீமையும் ஆன்லைனுக்குக் கொண்டுவர வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஹாட்ஸ்பாட் இருக்கிறது, ஸ்டீம் இன்னும் ஆஃப்லைனில் இருக்கிறது, கேமைத் திறக்கிறார்கள், மறுபடி அதே பெட்டி. சீட்டு வாங்க, இவர் வாங்கியவர்தான் என்ற சான்றை ஸ்டீம் தர வேண்டும் என்று மேலே சொன்னேனே, ஆஃப்லைனில் உட்கார்ந்திருக்கிற ஸ்டீமிடம் புதுச் சான்றை எதிர்பார்க்க முடியாது. மெனுவில் Go Online கொடுத்து, இணைந்த பிறகு கேமைத் திறந்தான். மொட்டைமாடியில் ஒரே ஒரு புள்ளி டவர், கொஞ்சம் நேரம் எடுத்தது, திறந்தது. முதல் மெனு வந்ததும் அணைத்துவிடாமல், பழைய சேவ் ஒன்றை ஏற்றி, கேமுக்குள் ஒரு நிமிடம் நடந்து பார்க்கச் சொன்னேன். அப்புறம் கேமை ஒழுங்காக மூடி, ஸ்டீமில் Go Offline, ஹாட்ஸ்பாட் அணை, மறுபடி கேமைத் திற. திறந்தது. மீதி நாள் முழுக்க ஆடினான்.

வீட்டில் ஆஃப்லைனில் சோதித்தபோது ஓடியது, வெளியே போனால் ஓடவில்லை

சோதித்ததில்தான் தவறு. ஸ்டீமை Go Offline செய்தால் ஸ்டீம் மட்டும்தான் நெட்டை விடுகிறது, உங்கள் வைஃபை அப்படியே இருக்கிறது, கேம் தனியாக அதன் வழியே வெளியே பேச முடியும். அதனால் ஆஃப்லைன் மோடில் ஓடியது என்பதற்கு, நெட் இல்லாமல் ஓடும் என்று அர்த்தமில்லை. வைஃபையை அணைத்தோ கேபிளைப் பிடுங்கியோ சோதித்தால்தான் அது சோதனை.

நான் பயணத்துக்கு முந்தின நாள் செய்வது இது. முதலில் விண்டோஸில் பாக்கி இருக்கிற அப்டேட்டை எல்லாம் ஏற்றி, கணினியை மறுபடி தொடங்கி, இனி ஒன்றும் இல்லை என்று வரும்வரை பார்ப்பேன். பிறகு Pause updates போட்டுவிடுவேன், விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம் வரை தள்ளலாம். அடுத்து ஸ்டீமில் கேமுக்கு அப்டேட். அடுத்து கேமை ஆன்லைனில் திறந்து உள்ளே போய் வெளியே வருவேன். முதல்முறை திறக்கும்போது டைரக்ட்எக்ஸ் போன்ற சிலவற்றை ஸ்டீம் நிறுவும், அதுவும் அப்போதே முடிந்துவிடும். அப்புறம்தான் Go Offline. கணினியை முழுதாக அணைத்து, வைஃபையை நிறுத்தி, திறந்து, கேமை ஓட்டிப் பார்ப்பேன். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, கேமைத் திறந்து பார்த்த பிறகு விண்டோஸை அப்டேட் செய்தால், செய்தது எல்லாம் வீண். தம்பிக்கு நடந்தது அதுதான்.

பலமுறை முயன்ற பிறகு, நெட் இருந்தும் திறக்கவில்லை

டெனுவோ உள்ள கேமின் ஸ்டீம் கடைப் பக்கத்தில், வலது ஓரமாக ஒரு சிறு பெட்டி இருக்கும், வாங்குகிற அவசரத்தில் யாரும் வாசிப்பதில்லை. மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு உண்டு, ஒரு நாளில் ஐந்து வெவ்வேறு கணினி வரைதான் என்று அதில் இருக்கும். ஐந்து கணினி யாரிடம் இருக்கிறது என்று தோன்றும். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் லினக்ஸ் லேப்டாப்பில், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட உதவுகிற புரோட்டான் வழியாக ஆடுகிறவர். கேம் தடுமாறியதால் புரோட்டானின் ஒரு பதிப்பை மாற்றி ஓட்டிப் பார்த்தார், சரியாகவில்லை, அடுத்த பதிப்பு, அடுத்தது. ஒவ்வொரு புரோட்டான் பதிப்பும் உள்ளறைப் பூட்டின் கண்ணுக்குப் புதுக் கணினி. ஒரே லேப்டாப்பிலேயே அன்றைய ஐந்தும் தீர்ந்து, கேம் பூட்டிக்கொண்டது. இதற்கு மருந்து இல்லை, முதல் முயற்சியிலிருந்து 24 மணி நேரம் கழிய வேண்டும். அதற்குள் மறுபடி மறுபடி அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. நாளைக்கு, நன்றாக ஓடிய ஒரு பதிப்பை வைத்துக்கொண்டு ஒரு முறை திறந்தால் போதும். நெட் இல்லாத ஊருக்குப் போகிறவர் புரோட்டான் பதிப்பை ஒன்றில் நிறுத்தி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு: உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்து, அந்தப் பக்கம் சர்வர் படுத்துவிட்டது. 2021 நவம்பரில் டெனுவோ பயன்படுத்திய ஒரு இணையப் பெயரின் பதிவு காலாவதியாகிவிட, அதைச் சரிசெய்யும்வரை பல கேம்கள் திறக்காமல் நின்றன, காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான். இதை அறிகிற வழி, உங்களிடம் உள்ள அதே பாதுகாப்புக் கொண்ட இன்னொரு கேமையும் திறந்து பார்ப்பது, வேறு ஊரில் அதே கேம் உள்ள நண்பரைக் கேட்பது. இருவருக்கும் இல்லை என்றால் கணினியைத் தொடாதீர்கள், காத்திருங்கள்.

நெட் நன்றாக இருக்கிறது, யூடியூப்கூட சில சமயம் திறக்கிறது, ஸ்டீம் மட்டும் இணைய மறுக்கிறது

டாஸ்க்பாரில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் ஒரு நாணய அளவு பேட்டரி இருக்கும், CR2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அது தீர்ந்துபோனால், கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்புகளைக் கணினி பெரும்பாலும் ஏற்காது, நாள் கணக்கு வைத்திருக்கிற சீட்டும் குழம்பும். தேதியைச் சரிசெய்து ஸ்டீமை மறுபடி திறந்தால் போதும். பேட்டரியை மாற்றிவிட்டால் இது திரும்ப வராது, கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

ஸ்டீமில் Play அழுத்தினால் இன்னொரு லாஞ்சர் திறந்து நிற்கிறது

சில நிறுவனங்களின் கேம் ஸ்டீமில் வாங்கியிருந்தாலும் தன் லாஞ்சரையும் நடுவில் கொண்டுவரும். யூபிசாஃப்ட் கனெக்ட் அப்படி. அங்கே தனிக் கணக்கு, தனி லாகின், தனி ஆஃப்லைன் மோட். ஸ்டீமில் செய்த அத்தனையும் அங்கேயும் செய்ய வேண்டும்: நெட் இருக்கும்போதே உள்ளே போய் ஞாபகம் வைக்கச் சொல்லி, அதன் மெனுவில் Go offline கொடுத்து, வைஃபை அணைத்துச் சோதிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தின் அதே சிறு பெட்டியில் வேறு கணக்கு வேண்டும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெட் அடிக்கடி போகிற வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு நான் வெளிப்படையாகச் சொல்வது, அதே கேம் GOG என்ற ஆன்லைன் கேம் கடையிலும் இருந்தால் அங்கே வாங்குங்கள். அங்கே கிடைக்கிற இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட்டிஸ்கில் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு பூட்டும் இல்லை, மாமா வீட்டிலும் ஓடும், பத்து வருடம் கழித்தும் ஓடும்.

நெட் திரும்பியதும் சேவ் பற்றி ஒரு கேள்வி வருகிறது

இது பூட்டுப் பிரச்சினை இல்லை, ஆனால் ஆஃப்லைனில் ஆடிய பலருக்கும் கடைசியில் வருவது, தவறாக அழுத்தினால் திரும்பக் கிடைக்காதது. நான்கு நாள் ஆடியது உங்கள் கணினியில் இருக்கிறது, கிளவுடில் இருப்பது நான்கு நாளுக்கு முந்தையது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்டீம் எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும், இரண்டுக்கும் தேதியும் நேரமும் காட்டும். அவசரப்படாமல் வாசித்து, கணினியில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கிளவுட் என்ற சொல்லைப் பார்த்து அதுதான் பத்திரம் என்று நினைத்து அதை அழுத்துகிறவர்கள் உண்டு, அழுத்தினால் பழையது வந்து புதியதன் மேல் உட்கார்ந்துவிடும்.

தம்பியிடம் ஊருக்குத் திரும்புகிற பேருந்தில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், வீட்டுக்குப் போய் வைஃபையில் இணைவதற்கு முன் சேவ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து டெஸ்க்டாப்பில் வை என்று. பெரும்பாலும் Documents-க்கு உள்ளேயோ, AppData-வுக்கு உள்ளேயோ, ஸ்டீம் ஃபோல்டரில் userdata-வுக்கு உள்ளேயோ இருக்கும், தேதி வாரியாக அடுக்கினால் கடைசியாக மாறியது மேலே வரும். அவன் நகலெடுத்து வைத்தான், கேள்வியும் வந்தது, திங்கள் இரவு 11 மணி என்று காட்டியதை அழுத்தினான். இப்போது அடுத்த விடுமுறைக்கு வேறு கேம் இறக்கிக்கொண்டிருக்கிறான், விண்டோஸ் அப்டேட்டை முடித்துவிட்டுத்தான்.